முக்கனிக்கு ‘போன்ற’ வேண்டாம்



நம் வட்டாரத்தில் லத்தீன் பேசும் குடும்பம் எதுவும் இல்லை. ஆனாலும் அந்த மொழியின் துண்டுகள் தினமும் நம் கையில் புழங்குகின்றன. 1937இல் தாம்பரத்துக்கு இடம் மாறிய சென்னை கிறித்துவக் கல்லூரியின் சின்னத்தில் ‘இன் ஹாக் சிக்னோ’ என்ற லத்தீன் வாசகம் இருக்கிறது. மருந்துச் சீட்டில் மாத்திரையின் பெயருக்குப் பக்கத்தில் டாக்டர் எழுதும் b.d., t.d.s., s.o.s. எல்லாம் லத்தீன்தான். முதலாவது தினம் இருவேளை, அடுத்தது மூன்று வேளை, கடைசியில் வருவது தேவைப்பட்டால் மட்டும். நேரத்தோடு வரும் a.m., p.m. கூட அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளே.

இவற்றை நாம் சரியாகவே பயன்படுத்துகிறோம். இருவேளை மாத்திரையை யாரும் மூன்று வேளை விழுங்குவதில்லை. தடுமாற்றமெல்லாம் e.g., i.e., etc., vs என்ற நான்கில்தான். பள்ளிகளும் குடியிருப்போர் சங்கங்களும் நமக்கு அனுப்பும் ஆங்கில அறிவிப்புகளைத் தமிழில் போடும்போது, நம் ஆசிரியர் குழு அதிக நேரம் நின்று யோசிப்பது இந்த நான்கு இடங்களில். எழுதியவர் மனத்தில் இருந்தது ஒன்று, தாளில் இருப்பது வேறொன்று என்ற நிலை அடிக்கடி வருகிறது. எழுதியவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டபிறகே அச்சுக்கு அனுப்ப முடிகிறது. எனவே இந்த மாதப் பக்கத்தை இவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

முதல் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். e.g. என்பது ‘எக்ஸெம்ப்ளி கிராட்டியா’ என்பதன் சுருக்கம். எடுத்துக்காட்டுக்காக என்று பொருள். i.e. என்பது ‘இட் எஸ்ட்’. அதாவது என்று பொருள். ஒன்று மாதிரி காட்டுகிறது, மற்றது முழு விளக்கம் தருகிறது. சொல்லிவிட்டால் எளிது, எழுதும்போதுதான் இரண்டும் இடம் மாறிவிடுகின்றன.

நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். 2021இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் அதில் இணைந்தன. இதை ஆங்கிலத்தில் எழுதும் ஒருவர், ஐந்து நகராட்சிகள் என்று எழுதி i.e. போட்டால், அதன்பின் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்று ஐந்து பெயர்களையும் எழுதியாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் வாக்கியம் பொய்யாகிவிடும். இணைந்த பேரூராட்சிகள் என்று எழுதி e.g. போட்டால் சிட்லபாக்கம், மாடம்பாக்கம் என்று இரண்டு பெயர் போதும். பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய மற்ற மூன்றும் சொல்லப்படவில்லையே தவிர, விலக்கப்படவில்லை. e.g. பார்த்த உடனேயே இன்னும் இருக்கின்றன என்று வாசகர் புரிந்துகொள்வார். i.e. பார்த்த உடனே இவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிடுவார்.

இந்த வேறுபாட்டை நினைவில் வைக்க ஆங்கிலப் பாடநூலைத் தேட வேண்டியதில்லை. தமிழ் உரைநடையில் நாம் கைவிடாமல் பேண வேண்டிய ஓர் ஒழுங்கிலேயே அது இருக்கிறது. ‘மா, பலா, வாழை ஆகிய முக்கனிகள்’ என்கிறோம். கனிகள் மூன்று, மூன்றையும் சொல்லிவிட்டோம், எனவே ‘ஆகிய’. ‘மா, பலா போன்ற பழங்கள்’ என்கிறோம். பழங்கள் எத்தனையோ, இரண்டை மட்டும் காட்டினோம், எனவே ‘போன்ற’. ‘மா, பலா, வாழை போன்ற முக்கனிகள்’ என்று எழுதினால் தமிழாசிரியர் சிவப்பு மையால் சுழிப்பார். முக்கனியில் நான்காவது கனிக்கு இடமில்லை. ஆங்கிலத்தில் i.e. வரும் இடத்தில், தமிழில் சொன்னால் ‘ஆகிய’ என்றோ ‘அதாவது’ என்றோ முடியும். e.g. வரும் இடத்தில் ‘போன்ற’ என்று முடியும். எது போடுவது என்று சந்தேகம் வந்தால் வாக்கியத்தை மனத்துக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘ஆகிய’ சரியாக உட்கார்ந்தால் i.e., ‘போன்ற’ சரியாக உட்கார்ந்தால் e.g.

இரண்டும் இடம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பள்ளிச் சேர்க்கை அறிவிப்பைக் கற்பனை செய்து பார்ப்போம். முகவரிச் சான்று கொண்டுவரவும் என்று எழுதி, அடுத்து i.e. போட்டு, குடும்ப அட்டை அல்லது மின் கட்டண ரசீது என்று முடித்திருக்கிறார்கள். திருநெல்வேலியிலிருந்து வேலைக்காக வந்து சேலையூரில் வாடகைக்கு இருக்கும் ஒரு தம்பதி அதைப் படிக்கிறார்கள். குடும்ப அட்டை இன்னும் ஊர் முகவரியில் இருக்கிறது. மின் இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது. அவர்களிடம் இருப்பது வாடகை ஒப்பந்தமும் கேஸ் புத்தகமும் இந்த முகவரி அச்சான வங்கிப் புத்தகமும். அறிவிப்பில் i.e. இருப்பதால் இவை எதுவும் செல்லாது என்றே அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அப்படி எடுத்துக்கொள்வது சரியான வாசிப்பும்கூட. விடுப்பு எடுத்துக்கொண்டு அட்டையை மாற்ற அலைவார்கள், அல்லது அந்தப் பள்ளியே வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள். பள்ளியின் மனத்தில் இருந்ததோ, முகவரி தெரியும் ஏதோ ஒரு தாள் என்பது மட்டுமே. e.g. என்று போட்டிருந்தால் அந்தத் தம்பதி வாடகை ஒப்பந்தத்தோடு நேரே வந்திருப்பார்கள்.

மறுபக்கமும் உண்டு. அந்த இரண்டு சான்றுகளைத் தவிர வேறெதையும் ஏற்கக் கூடாது என்று பள்ளி உண்மையிலேயே தீர்மானித்திருந்தும், அறிவிப்பில் e.g. அச்சாகியிருந்தால், வாடகை ஒப்பந்தத்தோடு வரிசையில் நிற்கும் பெற்றோரைத் திருப்பி அனுப்ப அலுவலக உதவியாளருக்கு நியாயம் இல்லை. கவுண்டரில் எழும் வாக்குவாதத்தில் அறிவிப்பு பெற்றோர் பக்கம்தான் பேசும். ஆகவே அறிவிப்பு எழுதுகிறவர் முதலில் தனக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று: இந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றை யாராவது கொண்டுவந்தால் ஏற்பேனா, மாட்டேனா? ஏற்பேன் என்றால் e.g., மாட்டேன் என்றால் i.e. பதில் தெரியவில்லை என்றால் அறிவிப்பு இன்னும் எழுதும் நிலைக்கே வரவில்லை, மேலிடத்தில் கேட்டு முடிவு செய்துகொண்டு எழுத வேண்டும்.

சட்டம் எழுதுகிறவர்களும் இதே கேள்வியோடுதான் உட்காருகிறார்கள். நம் சட்டங்களின் வரையறைப் பகுதியில் ஒரு சொல் இதைக் குறிக்கும் என்று இருந்தால் அந்தப் பட்டியல் பொதுவாக முடிந்த பட்டியல். இதையும் உள்ளடக்கும் என்று இருந்தால் பொதுவாக வேறு பொருள்களுக்கும் இடமுண்டு. நீதிமன்றங்கள் இந்த வேறுபாட்டை வைத்துத்தான் வாசிப்பைத் தொடங்குகின்றன. ஒரே ஒரு வினைச்சொல் பல லட்சம் ரூபாய் வரியைத் தீர்மானித்த வழக்குகள் உண்டு.

அடுத்தது etc. ‘எட் செடெரா’ என்பதன் சுருக்கம். மற்றவையும் என்று பொருள். தமிழில் ‘முதலிய’, ‘முதலானவை’, பழைய உரைநடையில் ‘இத்யாதி’. இதற்கு விதி ஒன்றுதான்: பட்டியலைத் தொடர வாசகரால் முடிய வேண்டும்.

கடற்கரை செல்லும் மின்சார ரயில் தாம்பரத்திலிருந்து புறப்பட்டு சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் etc. நிலையங்களில் நிற்கும் என்று எழுதினால் குறை இல்லை. திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல் என்று நம் வாசகர் தானே சொல்லிக்கொண்டு போவார். மூன்று பெயர்கள் ஒரு வரிசையைக் காட்டிவிட்டன. ஆனால் தேர்வுக்கு வரும் மாணவர்கள் பேனா, நுழைவுச் சீட்டு etc. கொண்டுவரவும் என்று எழுதினால், அந்த etc.-க்குள் கால்குலேட்டர் உண்டா, தண்ணீர் பாட்டில் உண்டா என்று யாருக்குத் தெரியும்? எழுதியவருக்கே தெரிந்திருக்காது. தெரியாததை மறைக்க etc. போடுவது எழுத்தில் மிகப் பரவலான வழக்கம், அதை விட்டொழிக்க வேண்டும்.

அது காசு சம்பந்தப்பட்ட தாளில் வந்தால் சண்டையில் முடியும். நம் புறநகரில் வீடு வாடகைக்கு எடுக்கிறவர்கள் பலர் பதினொரு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார்கள். அதில் மின்சாரம், தண்ணீர், பராமரிப்பு etc. கட்டணங்கள் குடியிருப்பவர் பொறுப்பு என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். காலி செய்யும் நாளில் வீட்டுக்காரர் முன்பணத்திலிருந்து வெள்ளையடிக்கும் செலவைக் கழிக்கிறார். கேட்டால் etc.-இல் அதுவும் அடக்கம் என்கிறார். குடியிருந்தவர் இல்லை என்கிறார். ஒப்பந்தத்தின் வாசகம் இருவருக்கும் உதவவில்லை.

இப்படிப்பட்ட இடத்துக்குச் சட்டத்தில் ஒரு வழிகாட்டி உண்டு. அதன் பெயரும் லத்தீன்தான்: ‘எஜுஸ்டெம் ஜெனெரிஸ்’, அதே இனத்தைச் சேர்ந்தவை. ஒரே வகையைச் சேர்ந்த சிலவற்றைச் சொல்லிவிட்டுப் பின்னால் பொதுச்சொல் ஒன்றைப் போட்டால், அந்தப் பொதுச்சொல்லையும் அதே வகைக்குள் சுருக்கி வாசிப்பது வழக்கம். மின்சாரம், தண்ணீர், பராமரிப்பு மூன்றும் மாதாமாதம் வரும் கட்டணங்கள். எனவே அதன்பின் வரும் etc.-க்குள் குப்பைக் கட்டணம் வரலாம். வீடு முழுக்க வெள்ளையடிக்கும் செலவு அந்த இனத்தில் சேரும் என்று வாதாடுவது கடினம். ஆனால் இந்த வழிகாட்டியைத் தேடி வக்கீல் வீட்டுக்குப் போவதைவிட, கையெழுத்திடும் நாளிலேயே etc.-ஐ அடித்துவிட்டு, என்னென்ன என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொள்வது மேல். முன்பணம் போட்டு வீடு எடுக்கும் எல்லா வாசகர்களையும் இதைச் செய்யும்படி உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

etc. தொடர்பாக இன்னும் சில சிறு விஷயங்கள். ‘எட்’ என்பதற்கே ‘உம்’ என்று பொருள் இருப்பதால் அதற்கு முன் ஆங்கிலத்தின் ‘அண்ட்’ தேவையில்லை. எழுத்து வரிசை மாறி ect. ஆகிவிடக் கூடாது, சொல்லும்போது ‘எக்ஸெட்ரா’ ஆகிவிடக் கூடாது. e.g. போட்டுத் தொடங்கிய பட்டியலின் முடிவில் etc. வேண்டியதில்லை, ஏனென்றால் மாதிரி மட்டுமே தருகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டோம். தமிழில் ‘போன்ற முதலிய’ என்று இரண்டையும் அடுக்குவதும் இதே பிழை. i.e. வந்த பட்டியலில் etc. வரவே கூடாது, ஏனென்றால் இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு இன்னும் உண்டு என்று சொன்னதாகிவிடும்.

மனிதர்களுக்கு etc. போடுவதும் மரியாதை இல்லை. அதற்காகவே லத்தீனில் et al. என்று தனிச் சுருக்கம் உண்டு, ஆய்வுக் கட்டுரைகளில் ஆசிரியர் பெயருக்குப் பின்னால் பார்த்திருப்பீர்கள். நம்மிடம் அதற்கு நிகராக ‘வகையறா’ இருக்கிறது. அரபியிலிருந்து உருது வழியாக வந்து, நிலப் பத்திரங்களிலும் கோயில் அறிவிப்புகளிலும் குடியேறிய சொல் அது. ஒருவர் பெயரைச் சொல்லி வகையறா என்றால் அவரோடு சேர்ந்த பங்காளிகள் எல்லோரும் அடக்கம்.

கடைசியாக vs. ‘வெர்சஸ்’ என்பதன் சுருக்கம், எதிராக என்று பொருள். இதற்கு இரண்டு வடிவங்கள் உண்டு, இரண்டும் வெவ்வேறு வீட்டில் குடியிருப்பவை. விளையாட்டு அட்டவணையிலும் தலைப்பிலும் vs. சேப்பாக்கத்தில் சென்னை vs மும்பை என்று போடலாம். ஓடும் கட்டுரை வாக்கியத்துக்குள் ‘வெர்சஸ்’ என்று முழுதாக எழுதுவதே நல்ல ஆங்கிலம். சட்ட அறிக்கைகளில் வழக்கின் பெயர் வரும்போது ஒற்றை எழுத்து v. தான் மரபு. நீதிமன்றத் தாள்களில் Vs என்றும் முழுச்சொல்லாகவும் அச்சாவதைப் பார்க்கலாம். இங்கிலாந்து நீதிமன்றங்களின் ஆவணங்கள் 1733 வரை லத்தீனில் எழுதப்பட்டு வந்தன. அந்த மொழி ஆங்கிலத்துக்கு இடம்விட்ட பிறகும் வழக்கின் பெயரில் இந்த ஓர் எழுத்து நிலைத்து, பிரிட்டிஷ் நீதிமுறையோடு கடல் தாண்டி நம்மிடமும் வந்து சேர்ந்தது.

நம் வட்டாரத்தைத் தொட்ட ஒரு வழக்கையே பார்ப்போம். குரோம்பேட்டைக்குப் பெயர் தந்ததே குரோம் தோல் தொழிற்சாலை. அங்கும் பல்லாவரத்திலும் தோல் பதனிடும் தொழில் நெடுங்காலம் நடந்தது. தோல் தொழிற்சாலைக் கழிவுகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தந்த தீர்ப்பின் பெயர், வேலூர் குடிமக்கள் நல மன்றம் v. இந்திய ஒன்றியம். பெயரில் வேலூர் இருந்தாலும், அந்தத் தீர்ப்பு ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அவற்றில் ஒன்று, அப்போது நம் பகுதி அடங்கியிருந்த செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கொள்கையை நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்ற தீர்ப்பும் இதுவே.

அந்தப் பெயரில் v.-க்கு இடப்பக்கம் இருப்பவர் நீதிமன்றத்தை நாடி வந்தவர். வலப்பக்கம் இருப்பவர் பதில் சொல்ல அழைக்கப்பட்டவர். சில வழக்குப் பெயர்களின் முடிவில் வரும் Ors. நம் வகையறாதான், மற்ற எதிர்மனுதாரர்களை எல்லாம் அதில் அடக்கிவிடுகிறார்கள். இடப்பக்கம் இருப்பவரே பாதிக்கப்பட்டவர் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. இடஒதுக்கீட்டு வரலாற்றில் புகழ்பெற்ற 1951ஆம் ஆண்டு வழக்கின் பெயர், மெட்ராஸ் மாநிலம் v. செண்பகம் துரைராஜன். முதலில் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனவர் செண்பகம் துரைராஜன். அங்கே தோற்ற மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்ததால் அரசின் பெயர் இடப்பக்கம் வந்தது. எந்த நீதிமன்றத்தின் வாசலில் யார் வந்து நின்றார்கள் என்பதை மட்டுமே v. சொல்கிறது.

புள்ளி, காற்புள்ளி பற்றிக் கேட்கும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு குறிப்பு. அமெரிக்கர்கள் e.g., i.e. இரண்டுக்கும் பின்னால் காற்புள்ளி இடுவார்கள். பிரிட்டிஷ் வழக்கில் பெரும்பாலும் இடுவதில்லை, சில பத்திரிகைகள் உள்ளே இருக்கும் புள்ளிகளையும் எடுத்துவிட்டு eg, ie என்றே எழுதுகின்றன. இவை எல்லாமே சரி. ஒரே தாளில் இரண்டு முறையையும் கலப்பதுதான் தவறு. etc. வாக்கியத்தின் கடைசியில் வந்தால் ஒரு புள்ளி போதும், இன்னொரு முற்றுப்புள்ளி வேண்டாம்.

இவற்றை எழுதவே வேண்டுமா என்பதும் நல்ல கேள்விதான். 2016இல் பிரிட்டிஷ் அரசு தன் அரசுத் தளத்தின் எழுத்திலிருந்து eg, ie, etc மூன்றையும் படிப்படியாக நீக்க முடிவு செய்தது. ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்கள் அவற்றில் தடுமாறினார்கள். பார்வையற்றோருக்காகத் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள் eg என்பதைச் சில நேரம் முட்டையைக் குறிக்கும் ‘எக்’ என்று வாசித்தது. பொதுமக்கள் எல்லோரும் படிக்க வேண்டிய அறிவிப்பில் சொல்லை முழுதாக எழுதுவதே நல்லது என்பது அவர்கள் கண்ட முடிவு. நானும் அதையே நம்புகிறேன். ஆய்வுக் கட்டுரையிலும் அட்டவணையிலும் சட்ட மேற்கோளிலும் சுருக்கங்கள் தங்கள் வேலையைச் செய்யட்டும். பள்ளி வாசலிலும் அடுக்ககப் பலகையிலும் மாநகராட்சி நோட்டீசிலும் அவற்றை ஒட்டாமல் இருப்போம்.

இந்த இதழிலிருந்து நம் பக்கங்களிலும் இதைக் கடைப்பிடிக்கிறோம். தமிழ்க் கட்டுரைகளில் லத்தீன் சுருக்கங்கள் இடம்பெறாது. முழுப் பட்டியலுக்கு ‘ஆகிய’, மாதிரிப் பட்டியலுக்கு ‘போன்ற’ அல்லது ‘முதலிய’, விளக்கத்துக்கு ‘அதாவது’ என்று எழுதுவோம். அறிவிப்பு அனுப்பும் பள்ளிகளும் சங்கங்களும், பட்டியல் முடிந்ததா, இன்னும் உண்டா என்பதை ஒரு வரியில் சேர்த்து எழுதி அனுப்பினால் தவறாமல் அச்சிட எங்களுக்கு உதவியாக இருக்கும். எங்கள் பக்கங்களிலேயே ‘ஆகிய’ வர வேண்டிய இடத்தில் ‘போன்ற’ வந்திருப்பதைக் கண்டால் பக்க எண்ணோடு எழுதுங்கள், அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்